டெண்டர் கிடைக்காத காண்ட்ராக்டர்களுக்கு எதைச் சொல்வது, எதை விடுவது

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வெளிப்புற பெயின்டிங் வேலைக்கு ஐந்து காண்ட்ராக்டர்களிடம் சீல் வைத்த கவரில் கொட்டேஷன் வாங்கினோம். ஒருவருக்குக் கொடுப்பது என்று செயற்குழுவில் முடிவாகிவிட்டது. மற்ற நான்கு பேருக்கும் எப்படிச் சொல்வது? காரணம் சொல்லியே ஆக வேண்டுமா? ஒருவர் தினமும் போன் செய்து “என்ன ரேட்டுக்கு சார் போச்சு?” என்று கேட்கிறார். அடுத்தவர் ரேட்டைச் சொல்லாமல் இதை எப்படி முடிப்பது?

பதில்:

முதலில் ஒரு விஷயம். கவர்களைப் பிரித்தபோது காண்ட்ராக்டர்கள் யாராவது கூட இருந்தார்களா? இருந்திருந்தால் ரேட்டுகள் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. அரசு டெண்டரில் அப்படித்தான் நடக்கும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இன் கீழ் வரும் துறைகளில், டெண்டர் போட்டவர்கள் முன்னிலையில் பிரித்து விலையை வாசிப்பார்கள். யாருக்குக் கிடைத்தது, மற்றவை ஏன் தள்ளப்பட்டன என்பதும் டெண்டர் அறிவிதழுக்குப் போக வேண்டும். உங்கள் சங்கம் அந்தச் சட்டத்துக்குள் வராது. தனியார் அமைப்பு கேட்கும் கொட்டேஷனில் குறைந்த விலைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, தோற்றவருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனாலும் ஒரு வரி காரணம் சொல்லுங்கள். அவர் உங்கள் கட்டடத்துக்கு வந்து அளந்து, கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒன்றும் சொல்லாமல் விட்டால் “முன்னாடியே பேசி வெச்சுட்டாங்க” என்று நினைப்பார். ஐந்து வருடம் கழித்து அடுத்த பெயின்டிங்குக்குக் கூப்பிட்டால் வர மாட்டார்.

ரேட்டை நேராகச் சொல்லி மாட்டிக்கொள்பவர்கள் குறைவு. காரணம் சொல்லும்போது அதை மறைமுகமாகக் கொடுத்துவிடுபவர்கள்தான் அதிகம். உங்கள் எண்கள் எனக்குத் தெரியாது, அதனால் நானாகச் சில எண்களை வைத்துக்கொள்கிறேன். வெளிச்சுவர் பரப்பு 1,20,000 சதுர அடி. வேலை கிடைத்தவர் சதுர அடிக்கு 24 ரூபாய் போட்டிருக்கிறார், ஜிஎஸ்டி தனி, மொத்தம் 28.80 லட்சம். ஆனந்த் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அவர் 26.40 ரூபாய், மொத்தம் 31.68 லட்சம். அவர் போன் செய்யும்போது செயலாளர் இரக்கப்பட்டு, “பத்து பெர்சென்ட் கூடப் போட்டுட்டீங்க சார்” என்கிறார். ரேட்டைச் சொல்லவில்லை என்றுதான் செயலாளர் நினைப்பார். ஆனந்த் போனை வைத்த கையோடு தன் 31.68-ஐ 1.1-ஆல் வகுப்பார், 28.80 லட்சம் வந்துவிடும். எல்லோருக்கும் கொடுத்த பரப்பளவு ஒன்றுதான் என்பதால் அதை 1,20,000-ஆல் வகுத்து 24 ரூபாய் என்ற ரேட்டையும் எடுத்துவிடுவார். சதவீதம் சொல்வதும் விலையைச் சொல்வதும் ஒன்றே.

வித்தியாசத்தை ரூபாயில் சொன்னாலும் இதே கதைதான். “கொஞ்சம்தான் வித்தியாசம்” என்பதும் நல்லதில்லை, அந்தக் கொஞ்சத்தை அவரே ஊகித்துக்கொள்வார். “நீங்கள் இரண்டாவது இடம்” என்பது அந்த அளவுக்கு மோசமில்லை. இருந்தாலும், விலை வரிசையில் இரண்டாவது என்று அவர் புரிந்துகொண்டால், ஒருவர் மட்டும்தான் தன்னைவிடக் கீழே போனார் என்று தெரியும். பெயின்ட் விலை, கூலி, சாரம் எல்லாம் அத்துப்படியான ஆளுக்கு மிச்சத்தைக் கணக்குப் போடத் தெரியும். வரிசை எண்ணையும் சொல்லாதீர்கள்.

மறைப்பதற்கு மரியாதை மட்டும் காரணமில்லை. வேலை எடுத்தவர் பக்கத்துக் குடியிருப்பில் 27 ரூபாய்க்குப் பேசிக்கொண்டிருக்கலாம். உங்கள் 24 அங்கே போனால் அவருக்கு நஷ்டம், அடுத்த முறை உங்களுக்குக் குறைத்துப் போட மாட்டார். உங்களுக்கும் நஷ்டம் உண்டு. ஐந்து பேருக்கும் 24 தெரிந்துவிட்டால் அடுத்த டெண்டரில் எல்லோரும் அந்த எண்ணை ஒட்டியே நிற்பார்கள், இருபத்தொன்றுக்குச் செய்யக்கூடியவனும்கூட. ஒருவர் ரேட் ஒருவருக்குத் தெரிந்தால் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்வதும் சுலபம். அப்படிப் பேசி வைத்துப் போடுவது போட்டிச் சட்டம் 2002-இன் கீழ் தடை செய்யப்பட்டதுதான். ஆனால் ஒரு குடியிருப்புச் சங்கம் அதைக் கண்டுபிடித்து நிரூபிப்பது நடக்கிற காரியமா?

சரி, காரணத்தை எப்படி எழுதுவது. நான் வைத்திருக்கும் விதி இதுதான்: அவருடைய கொட்டேஷனையும், கொட்டேஷன் கேட்டு அனுப்பிய விசாரணைக் கடிதத்தில் நீங்கள் எழுதிய நிபந்தனையையும் மட்டும் பக்கத்தில் வையுங்கள். இன்னொருவருடைய கொட்டேஷனை அந்த வாக்கியத்துக்குள் கொண்டுவராதீர்கள். “அவர்களைவிட”, “மற்றவர்களோடு ஒப்பிட்டால்”, “இருந்தாலும்” என்ற சொற்கள் வரும்போது உஷாராகுங்கள். அமெரிக்க மத்திய அரசின் கொள்முதல் விதிகளில்கூட, தோற்றவருக்கு விளக்கம் கொடுக்கும்போது மற்றவர்களோடு அம்சத்துக்கு அம்சம் ஒப்பிட்டுப் பேசக் கூடாது என்று இருக்கிறது. வென்றவரின் விலையையே வெளியிடும் அமைப்பு அது. அங்கேயே ஒப்பிடக் கூடாது என்றால் நாம் கேட்கவே வேண்டாம்.

இந்த விதியை நால்வருக்கும் பொருத்திப் பார்ப்போம். இருவருடையது சுலபம். ஒருவர் கவரைக் கடைசித் தேதிக்கு மறுநாள் கொண்டுவந்தார் என்றால் காரணமே அதுதான். கவரைப் பிரிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிரித்துப் பார்த்துவிட்டு ‘லேட்’ என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இன்னொருவர், ஐந்து மாடிக்கு மேல் இரண்டு கட்டடங்கள் செய்ததற்கான சான்று கேட்டிருந்தும் கொடுக்கவில்லை. அதையும் ஒரே வரியில் எழுதிவிடலாம்: ‘விசாரணைக் கடிதத்தின் 4-ஆம் நிபந்தனையில் கேட்ட பணி நிறைவுச் சான்றுகள் இணைக்கப்படவில்லை.’

கஷ்டமானது மூன்றாவது ஆள். அவரை முருகன் என்போம். இருப்பதிலேயே குறைந்த விலை அவருடையது, 21 ரூபாய், 25.20 லட்சம். ஆனால் கொட்டேஷனின் அடியில் ‘கிராக் ஃபில்லிங் தனி ரேட்’ என்று எழுதியிருக்கிறார். பிரைமருக்கு மேல் இரண்டு கோட் கேட்ட இடத்தில் ஒரு கோட் போட்டிருக்கிறார். வேலையே வேறு என்பதால் அந்த 21-ஐ மற்ற ரேட்டுகளோடு சேர்த்துப் பார்க்கவே முடியாது. முறைப்படி, முடிவெடுப்பதற்கு முன்பே ‘இந்த இரண்டையும் சேர்த்துதானே உங்கள் ரேட்?’ என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கியிருக்க வேண்டும். கேட்டு, அவர் ‘இல்லை’ என்றிருந்தால் உங்கள் கை சுத்தம்.

முருகனுக்கு எழுதும்போது பலரும் செய்வது, ‘உங்கள் விலை குறைவாக இருந்தாலும்’ என்று ஆரம்பிப்பது. அந்த ஒரு சொல் போதும், வேலை எடுத்தவர் 21-க்கு மேல்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். மறுநாள் குடியிருப்பு வாசலில் நின்று, ‘குறைஞ்ச ரேட் போட்டவனை விட்டுட்டு அதிகமா கொடுத்திருக்காங்க’ என்று செக்யூரிட்டியிடம் சொல்வார். சாயங்காலத்துக்குள் அது எல்லா பிளாக்குக்கும் போய்விடும். அவருக்கான வரியில் விலை என்ற பேச்சே வேண்டாம். விரிசல் நிரப்புதலும் இரண்டு கோட் பூச்சும் அவருடைய கொட்டேஷனில் இல்லை, அதனால் மதிப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான்.

கடைசியாக ஆனந்த். எல்லாம் சரியாகக் கொடுத்திருக்கிறார், விலைதான் தோற்கடித்தது. இதை மறைத்து வேறு காரணம் புனையாதீர்கள். ‘அனுபவம் போதவில்லை’ என்று எழுதினால் அவர் தன் பத்துக் கட்டடப் பட்டியலோடு வந்து நிற்பார். ‘எங்கள் பட்ஜெட்டுக்கு மேல் போய்விட்டது’ என்பதும் எனக்குப் பிடிக்காத சாக்கு. உடனே “பட்ஜெட் எவ்வளவுன்னு சொல்லுங்க, பாத்துக்கலாம்” என்பார். அதைச் சொன்னாலும் சிக்கல், சொல்லாவிட்டாலும் சிக்கல். தொழில்நுட்பத் தகுதியில் குறை இல்லை என்பதையும், முடிவு மொத்தத் தொகையின் அடிப்படையில் ஆனது என்பதையும் எழுதினால் போதும். தன் விலை அதிகம் என்று அதில் தெரியும், எவ்வளவு அதிகம் என்று தெரியாது. அடுத்த முறை இன்னும் இறுக்கிக் கணக்குப் போட அவருக்கு அது போதும்.

ஒரு மாதிரி கடிதம், ஆனந்துக்கு:

‘மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் குடியிருப்பின் வெளிப்புற பெயின்டிங் பணிக்குத் தாங்கள் அளித்த கொட்டேஷன் பரிசீலிக்கப்பட்டது. இப்பணி வேறு ஒரு நிறுவனத்துக்கு (பெயர்) வழங்கப்பட்டுள்ளது. தங்கள் கொட்டேஷன் எங்கள் தொழில்நுட்ப நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவு செய்தது. தகுதி பெற்றவற்றுள் மொத்தத் தொகையின் அடிப்படையில் தேர்வு செய்யப்பட்டது. எந்த நிறுவனத்தின் விலை விவரத்தையும் நாங்கள் வெளியிடுவதில்லை. தங்களுடையதும் அவ்வாறே பாதுகாக்கப்படும். கொட்டேஷனுடன் தாங்கள் கட்டிய முன்வைப்புத் தொகை ரூ. 25,000-க்கான காசோலை இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. நேரில் வந்து அளவெடுத்துக் கொட்டேஷன் அளித்தமைக்கு நன்றி. – செயலாளர்’

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். வேலை எடுத்தவரின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். பெரிய கம்பெனிகள் சில அதையும் சொல்லாது, ஆனால் குடியிருப்பில் அதை மறைப்பது வீண். அடுத்த வாரம் சாரத்தில் அவருடைய பேனர் தொங்கப்போகிறது. இன்னொன்று, ‘தங்களுடையதும் அவ்வாறே பாதுகாக்கப்படும்’ என்ற வரி. அடுத்தவன் ரேட்டைக் கேட்பவரும் தன் ரேட் வெளியே போவதை விரும்ப மாட்டார். கோபத்தைக் குறைப்பதில் மற்ற எல்லா வரிகளையும்விட இதற்குத்தான் பலன் அதிகம். முன்வைப்புத் தொகை வாங்காதவர்கள் அந்த வரியை விட்டுவிடலாம். வாங்கியவர்கள் காசோலையைக் கடிதத்தோடேயே கொடுங்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, வேலை வழங்கிய 30 நாளுக்குள் தோற்றவர்களின் தொகை திரும்பிப் போக வேண்டும் என்கிறது. நாலு காசோலை எழுத உங்களுக்கு அவ்வளவு நாள் வேண்டாம்.

எப்போது அனுப்புவது? செயற்குழுவில் முடிவான அன்றே அல்ல. வேலை எடுத்தவர் ஒர்க் ஆர்டரில் கையெழுத்துப் போட்டு, பாதுகாப்புத் தொகை கட்டிய பிறகு. அதற்கு முன் ஆனந்துக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிட்டீர்கள், அப்புறம் எடுத்தவர் பின்வாங்கிவிட்டார் என்றால் ஆனந்திடம் திரும்பப் போக வேண்டும். அவர் பழைய ரேட்டுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. தாமதமாக வந்தவருக்கும் சான்று தராதவருக்கும் உடனே சொல்லலாம், அவர்களை நிறுத்தி வைப்பதில் பயனில்லை. முருகனுக்கும் அப்படியே. ஆனந்தை மட்டும் அவருடைய கொட்டேஷன் செல்லுபடியாகும் நாள் வரை வையுங்கள். இடையில் கேட்டால் “நடைமுறை முடியல சார், முடிஞ்சதும் எழுத்துல வரும்” என்று சொன்னால் அது பொய் இல்லை. “உங்களுக்குத்தான் வரும்போல இருக்கு” என்று மட்டும் வாய்தவறியும் சொல்லக் கூடாது.

இப்போது அந்தத் தினசரி போன். அவருக்குப் பதில் சொல்லும் ஆள் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். செயலாளர் ஒன்று, பொருளாளர் ஒன்று என்று பேசினால் இரண்டு பாதி விவரங்களைச் சேர்த்து அவர் முழுசாக்கிக்கொள்வார். பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“என்ன ரேட்டுக்கு சார் போச்சு?”

“ரேட் யாருடையதும் சொல்றதில்ல சார். உங்க ரேட்டை யாராவது கேட்டாலும் இதே பதில்தான்.”

“இருபத்தஞ்சுக்குக் கீழயா மேலயான்னு மட்டும் சொல்லுங்க.”

“அதுவும் ரேட்தான் சார்.”

“நான் ரெண்டு ரூபா குறைச்சுக்கறேன், இப்பவே லெட்டர் தரேன்.”

“கவர் பிரிச்சப்புறம் யாரோட விலையையும் மாத்தறதில்ல. அடுத்த வேலைக்குக் கண்டிப்பா உங்களையும் கூப்பிடுறோம்.”

இரண்டாவது கேள்வியில்தான் பலர் சறுக்குவார்கள். ‘கீழயா மேலயா’ என்ற கேள்விக்கு மூன்று தடவை பதில் சொன்னால் ஐம்பது காசு வித்தியாசத்துக்குள் வந்துவிடுவார். சிரித்துவிட்டுப் பேசாமல் இருப்பதும் ஒரு பதிலாகத்தான் போய்ச் சேரும். அதனால் 25-க்கும் 30-க்கும் 40-க்கும் ஒரே வாக்கியம், ஒரே குரல்.

மூன்றாவது, அந்த இரண்டு ரூபாய்க் குறைப்பு, உண்மையான சபலம். ரூபாய்க்கு 1.2 லட்சம் என்றால் இரண்டு ரூபாய்க்கு 2.40 லட்சம். செயற்குழுவில் யாராவது ஒருவர், ‘இதை வெச்சு எடுத்தவன்கிட்ட குறைக்கச் சொல்லலாமே’ என்பார். அப்படிச் செய்தால் நீங்கள் ஒருவர் ரேட்டை இன்னொருவருக்குக் காட்டியாகிவிட்டது, இவ்வளவு நேரம் பேசிய எல்லாம் போயிற்று. பேரம் பேசுவதானால் வேலை கொடுப்பதற்கு முன், முதலிடத்தில் நிற்பவரோடு மட்டும். அரசு நிறுவனங்களுக்கு மத்திய கண்காணிப்பு ஆணையம் 2007-இல் அனுப்பிய சுற்றறிக்கையும் இதைத்தான் சொல்கிறது: பேரம் கூடாது, தவிர்க்க முடியாத நிலையில் மிகக் குறைந்த விலை கொடுத்தவரோடு மட்டும் பேசலாம். அது உங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனால் நடைமுறை சரியானது. குறைத்துத் தருகிறேன் என்று கடிதமே கொண்டுவந்தாலும் வாங்கி வைக்காதீர்கள். ஃபைலில் இருந்தால் அடுத்த பொதுக்குழுவில் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

காண்ட்ராக்டர்களிடம் நீங்கள் இத்தனை கவனமாக இருந்தும் ரேட் வெளியே போகிறது என்றால், கசிவது பெரும்பாலும் உள்ளேயிருந்துதான். எல்லோருடைய ரேட்டையும் பத்தி பத்தியாகப் போட்ட ஒப்பீட்டுப் பட்டியலை யாரோ போட்டோ எடுத்து உறுப்பினர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருப்பார்கள். அதில் இருக்கும் நூறு பேரில் ஒருவருக்குக் கண்டிப்பாக ஒரு காண்ட்ராக்டரைத் தெரியும். உறுப்பினர்கள் பணம் கொடுப்பவர்கள், அவர்களுக்கு ‘பார்க்கக் கூடாது’ என்று சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். அச்சிட்ட பட்டியலைச் சங்க அலுவலகத்தில் வைத்து, கேட்பவர் வந்து பார்க்கட்டும். குழுவில் போடும் குறிப்பில் பெயர்களுக்குப் பதில் அ, ஆ, இ என்று இருக்கட்டும், தேர்வானவரின் மொத்தத் தொகை மட்டும் போதும். அதுவும் காண்ட்ராக்டர்களிடம் போய்ச் சேரலாம் என்ற நினைப்போடே போடுங்கள். வேலை முடிந்து ஆண்டுக் கணக்கில் அந்தத் தொகை எப்படியும் அச்சாகும், அதை என்றென்றைக்கும் மூடி வைக்க முடியாது. தோற்றவர்களின் விலையும், எடுத்தவரின் உள் ரேட்டுகளும் எந்தக் கணக்கிலும் வர வேண்டிய அவசியமில்லை. அவற்றைத்தான் காக்க வேண்டும்.

பெயின்ட் டீலரையும் மறக்காதீர்கள். ஒரு வட்டாரத்தில் ஐந்து காண்ட்ராக்டர்களும் ஒரே கடையில் சரக்கு எடுப்பது சாதாரணம். சுவரைப் பார்க்க வரும் பெயின்ட் கம்பெனி ஆளிடமோ டீலரிடமோ “24 சரியான ரேட்தானே?” என்று நட்பாகக் கேட்டீர்களானால் அது மறுநாள் கவுன்டரில் இருக்கும்.

நான்கு கடிதங்களின் நகல், ஒப்பீட்டுப் பட்டியல், முருகனிடம் எழுத்தில் கேட்ட கேள்வியும் அவர் பதிலும், பிரிக்காமல் திருப்பிய கவருக்கு வாங்கிய கையெழுத்து, இவற்றை ஒரே ஃபைலில் போட்டு அடுத்த செயற்குழுவிடம் கொடுத்துவிடுங்கள். வேலை நடக்கும் நடுவில் நிர்வாகம் மாறும் குடியிருப்புகள் நிறைய. ‘ஏன் குறைந்த ரேட்டுக்குக் கொடுக்கவில்லை’ என்ற கேள்வி புதிய செயலாளரிடம்தான் முதலில் வரும்.